பீரோவுக்குள்ளிருந்து போன அழைப்புகள்

அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் முப்பத்தொரு வருஷமாக லிஃப்டை ஏற்றி இறக்குகிறவருக்கு லிஃப்டண்ணன் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு, ஒரு முக்காலி, தலைக்கு மேலே நாற்பது வாட் பல்பு, கண்ணுக்கு நேரே 'ஆறு பேர் மட்டும்' என்ற பித்தளைத் தகடு. அவருடைய உலகம் அவ்வளவுதான். ஏழாவது ஆள் காலை வைத்தால் மணி அடிக்கும். அந்த ஆள் இறங்குகிற வரைக்கும் லிஃப்ட் நகராது. கோபித்துக்கொள்கிறவர்களிடம், "நான் நிறுத்தலைங்க, மணி நிறுத்துது" என்று சிரிப்பார்.

நாலாவது மாடி காலியாகி இரண்டு வருஷம் இருக்கும். ஆனாலும் அங்கிருந்து எப்போதாவது அழைப்பு மணி வரும். மேலே போய்க் கதவைத் திறந்தால் தூசியும் ஜன்னல் வெளிச்சமும்தான். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வெலவெலத்துப் போவார்கள். அவர் அசரமாட்டார். "ஒயர்ல ஈரம் ஏறியிருக்கும். எந்த மணிக்கும் பின்னால ஒரு ஒயர் உண்டு" என்று கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு இறங்கிவிடுவார். கடவுள் நம்பிக்கை உண்டு. விடுமுறை நாள் வந்தால் மத்தியானம் தொடங்கிப் பொழுது சாய்கிற வரை பிரார்த்தனைக் கூடத்தைக் கூட்டித் துடைப்பதே அவர்தான். பேய் பிசாசு நம்பிக்கை மட்டும் கிடையாது.

அப்படிப்பட்டவருக்குத்தான் இது நடந்தது.

அவர் மனைவி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மூச்சு முட்டி அவள் விழுந்த அன்று வண்டிக்கு போன் போடலாம் என்று கையில் எடுத்தார். பேலன்ஸ் தீர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் எழுந்து, போன் போட்டு, வண்டி வந்து... பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்றுதான் டாக்டர் சொன்னார். அந்தப் பத்து நிமிஷம் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஒரே மகன் அடக்கத்துக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். லிஃப்டண்ணன் பக்கத்து வீட்டுக்காரருடைய போனிலேயே மகனிடம், "உங்கம்மாவோட உனக்கும் எனக்கும் இருந்த பேச்சு முடிஞ்சுது. இனிமே கூப்பிடாத" என்று சொல்லிவிட்டு வைத்தார். வீம்பில் சொன்ன வார்த்தைதான். மகனும் அதே வீம்புக்குப் பிறந்தவன். கூப்பிடவில்லை.

நடுவில் காசு தீர்ந்துபோகாத போன் ஒன்று வேண்டும் என்றுதான் அவர் போஸ்ட்பெய்டுக்கு மாறினார். மாதம் பன்னிரண்டாம் தேதி அது. கடையின் கவுண்ட்டரில் இருந்த பெண் பொறுமைசாலி.

"இதுல முன்னாடி காசு போட வேண்டாம் ஐயா. பேசுங்க, அப்புறம் கட்டுங்க. ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் தேதி கணக்கு முடியும். பில் வரும். வந்ததுலேர்ந்து பதினஞ்சு நாளைக்குள்ள கட்டணும். முதல் பில் மட்டும் கொஞ்சம் குழப்பமா இருக்கும். இன்னியிலேர்ந்து அஞ்சாம் தேதி வரைக்கும் உள்ள அரைகுறை நாளுக்கும் சேர்த்து, அடுத்த மாச வாடகையும் அதுலயே வரும். பயந்துடாதீங்க."

"எவ்வளவு வேணா பேசலாமா?"

"அதுக்கு ஒரு எல்லை இருக்கு. கிரெடிட் லிமிட்னு பேர். உங்களுக்கு ஆயிரத்தைந்நூறு. எங்க கம்பெனி உங்களை நம்பிக் கடனா விடற அளவு அது. கட்டாத பில்லும், இன்னும் பில்லுல ஏறாத பேச்சும் சேர்ந்து அதைத் தொட்டுச்சுன்னா, உங்க கிட்டேர்ந்து போற கால் நின்னுடும். வர்ற கால் வரும். கட்டினா மறுபடி திறக்கும்."

லிஃப்டண்ணனுக்குச் சட்டென்று விளங்கியது. "ஆறு பேர்."

"என்னது?"

"ஒண்ணும் இல்லம்மா. மணி அடிக்குமா?"

"அடிக்கும் ஐயா. பாதி ஆனா ஒரு மெசேஜ், எண்பது சதவீதம் ஆனா ஒண்ணு, முழுசும் ஆனா ஒண்ணு."

அவருடைய வாடகைக்குள்ளேயே இன்னொரு நம்பர் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். மனைவியின் நம்பர் நினைவுக்கு வந்தது. செத்துப்போகாமல் இருக்க எட்டு மாதமாகச் சிறு தொகைக்கு ரீசார்ஜ் செய்து காப்பாற்றி வந்த நம்பர் அது. இறப்புச் சான்றிதழைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, தன் பேருக்கு மாற்றிச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண் சான்றிதழைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்காமலே கேட்டாள். "வெளிநாட்டுக் கால் வேணுமா ஐயா? அது வாடகைக்குள்ள வராது, நிமிஷக் கணக்கு."

"பையன் அங்க இருக்கான்" என்றார். கூப்பிடப்போவதில்லை என்று தெரிந்தும், "ரெண்டு நம்பருக்கும் இருக்கட்டும்" என்றார்.

புது சிம்மை மனைவியின் பழைய பட்டன் போனில் போட்டார். அது ஒரு தேய்ந்த போன். திரை வெளுத்து ஒன்றும் தெரியாது. மணிச் சத்தம் போய் வெறும் அதிர்வு மட்டும் மிச்சம். அவள் கடைசி வருஷம் முழுக்கத் தடவித் தடவியே அதைப் பயன்படுத்தினாள். இரண்டை அழுத்திப் பிடித்தால் மகனுக்குப் போகும். அவ்வளவு போதும் அவளுக்கு. அவளுடைய சாவிக்கொத்தோடு சேர்த்து அந்த போன் ஒரு சுருக்குப் பையில் இருந்தது. பை பீரோவில் அவள் சேலைகளுக்கு நடுவில் இருந்தது. விடுமுறை நாள் காலையில் எடுத்துச் சார்ஜ் போட்டுவிட்டு, மறுபடி வைத்துப் பூட்டிவிடுவார். அவள் இருந்தபோதும் சார்ஜ் போடுவது அவர் வேலைதான்.

எட்டாவது நாள்.

லிஃப்டுக்குள் சிக்னல் கிடையாது. அதனால் போனை வாட்ச்மேன் மேஜையில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார். வாட்ச்மேன் வாய்த்துடுக்கான மனுஷன். மத்தியானம் மூணே கால் இருக்கும். லிஃப்ட் கீழே வந்து நின்றதும் கூப்பிட்டான்.

"அண்ணே, மெசேஜ் வந்திருக்கு. உங்க கிரெடிட் லிமிட்ல ஐம்பது சதவீதம் முடிஞ்சுதாம். அப்படி யார்கிட்ட கொஞ்சிக் குலவறீங்க?"

"நான் யார்கிட்டயும் பேசலையே!"

"உங்க நம்பர் இல்ல. கூடுதல் நம்பராம். கடைசில நாப்பத்தாறு."

லிஃப்டண்ணன் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "அது என் வீட்டுக்காரி நம்பர்."

வாட்ச்மேன் யோசிக்காமல் சொல்லிவிட்டான். "மேல போயும் பேச்சை நிறுத்தலையா? அங்கயும் டவர் இருக்கு போல!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுடுங்கண்ணே. வாய் இருக்கே, சனியன்."

அவர் இடுப்பைத் தடவிப் பார்த்தார். வீடு பூட்டியிருக்கிறது. பீரோ பூட்டியிருக்கிறது. சாவி இடுப்பில் இருக்கிறது.

சாயங்காலம் கடைக்கு ஓடினார். பில் வந்துவிட்டது என்றே நினைத்துக் காசையும் எடுத்துப் போயிருந்தார். கவுண்ட்டர் பெண் சிரித்தாள்.

"இது பில் இல்ல ஐயா. நீங்க கேட்டீங்களே, அந்த மணி. பில் அஞ்சாம் தேதிக்கு அப்புறம்தான். இந்த மணி மட்டும் இல்லேன்னா, உங்களுக்குத் தெரியாமலே ஏறிட்டு இருந்திருக்கும். பில்லைப் பார்த்துத்தான் நெஞ்சைப் பிடிச்சிருப்பீங்க." கம்ப்யூட்டரில் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. "ரெண்டாவது நம்பர்லேர்ந்து தினமும் ஒரே ஒரு கால் ஐயா. எல்லாம் ஒரே வெளிநாட்டு நம்பருக்கு. எல்லாம் மத்தியானம் மூணு மணி. ஒரு நாள் எட்டு நிமிஷம். ஒரு நாள் ஒம்பது."

நம்பரைப் படித்தாள். பாதியிலேயே மீதியை அவர் உதடு முணுமுணுத்தது. மகனுடைய நம்பர்.

"அந்த போன் யார்கிட்ட இருக்கு?"

"பீரோகிட்ட."

அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு, யாரும் யாரையும் பயமுறுத்தக் கூடாது என்பது போலத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "மூணு மணிக்கு அதுல அலாரம் ஏதாவது இருக்கா?"

"மாத்திரை! மூணு மணி மாத்திரை. மறந்துடுவான்னு நான்தான் வெச்சுக் குடுத்தேன்."

"போன் கூட வேற என்ன இருக்கு?"

"சாவிக்கொத்து."

"பார்த்தீங்களா! அதிரும்போது போன் சாவி மேல போய் உக்காருது. பட்டன் அழுந்துது. ரெண்டு அழுந்திக்கிட்டே இருந்தா கால் போயிடும். கவலையே வேண்டாம். சாவியை வெளிய எடுத்துடுங்க. வேணும்னா அந்த நம்பருக்கு வெளிநாட்டுக் காலை இப்பவே நிறுத்திடறேன்."

"வேண்டாம். சாவியை எடுத்துடறேன்" என்றார். எந்த மணிக்கும் ஒரு ஒயர் உண்டு. நிம்மதியாக இரண்டடி வைத்தவர் திரும்பி வந்தார். "ஏம்மா, எட்டு மாசமா அலாரம் அடிச்சுக்கிட்டுத்தானே இருந்திருக்கும். அப்ப ஏன் கால் போகலை?"

"அப்ப போட்டது உயிரோட வைக்கற ரீசார்ஜ் மட்டும்தானே ஐயா. வெளிநாட்டுக்குப் போற அளவு காசு அதுல இல்ல. கூப்பிட்டிருக்கும். போயிருக்காது."

கூப்பிட்டிருக்கும். போயிருக்காது. வீடு போய்ச் சேரும்வரை அந்த இரண்டு சொல்லும் செருப்புச் சத்தம் போலக் கூடவே வந்தன. எட்டு மாதமாக, தினமும் மூணு மணிக்கு, இருட்டுப் பீரோவுக்குள்ளிருந்து ஒரு போன் மகனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருக்கிறது. அவர்தான் கையெழுத்துப் போட்டு அதற்கு வழி திறந்துவிட்டிருக்கிறார்.

பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து ஆணியில் மாட்டினார். போனை மட்டும் வைத்துச் சுருக்கை இறுக்கினார். பீரோவைப் பூட்டிவிட்டு, நம்பிக்கையில்லாதவர் போல, இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டையும் ஒட்டினார். ஒட்டும்போதே வெட்கமாக இருந்தது. 'யாரைச் சந்தேகப்படறேன்?'

இருபத்தைந்தாம் தேதி, மூணு மணி பதினாறு நிமிஷம்.

வாட்ச்மேன் இந்தத் தடவை கேலி பேசவில்லை. போனை இரண்டு கையாலும் நீட்டினான். "அண்ணே, எண்பது சதவீதம்."

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் ஆணியைப் பார்த்தார். ஆணியில் சாவிக்கொத்து தொங்கியது. காகிதம் ஒட்டியபடியே இருந்தது, ஓரம்கூடக் கிழியவில்லை. பீரோவைத் திறந்தார். சேலை மடிப்பு கலையவில்லை. பையின் சுருக்கு அவர் போட்ட முடிச்சோடு இருந்தது. உள்ளே போன் மட்டும். இரண்டு என்ற பட்டனைத் தொட்டுப் பார்த்தார். அவள் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து எழுத்தே அழிந்து போன பட்டன் அது. அதை அழுத்த அந்தப் பைக்குள் ஒன்றுமே இல்லை.

ராத்திரி முழங்காலிட்டு வெகுநேரம் இருந்தார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. 'அவளை நிறுத்து' என்று கேட்க வாய் வரவில்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக நின்றார்.

"இன்னும் ரெண்டு மூணு கால்ல லிமிட் தொட்டுடும் ஐயா" என்றாள் கவுண்ட்டர் பெண். "சாவியை எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேன்."

அவள் கம்ப்யூட்டரில் அழைப்புப் பட்டியலை இன்னொரு தடவை பார்த்தாள். "வெளிநாட்டுக் காலை நிறுத்திடவா?"

"இன்னிக்கு ஒரு நாள் விடும்மா. நடுவுல அறுந்துடக் கூடாது. இதுவரைக்கும் ஓடினதுக்கு இப்பவே கட்டினா?"

"கட்டலாமே. பில்லுக்கு முன்னாடி கட்டினா அந்த அளவுக்கு இடம் காலியாகும். கட்டின காசு அஞ்சாம் தேதி பில்லுல கழிஞ்சு வரும்."

"ஒருத்தர் இறங்கினா ஒருத்தர் ஏறலாம்."

"அதேதான் ஐயா."

கட்டினார். இரண்டு மணிக்கு லிஃப்ட் சாவியை வாட்ச்மேன் கையில் கொடுத்தார். முப்பத்தொரு வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் சாவியைக் கைமாற்றியது அன்றுதான். "எங்கண்ணே?" என்றான் அவன். "வீட்டுக்கு. ஒரு போன் வரும்... இல்ல, போகும்" என்றார்.

வெயில் ஜன்னல் வழியே தரையில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. பீரோவைத் திறந்து வைத்து, எதிரே நாற்காலி போட்டு, போனைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் மல்லாக்க வைத்துக்கொண்டார். விரல் எதுவும் பட்டனில் படவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது. சேலைகளிலிருந்து அவள் வாசனை வந்தது. எட்டு மாதத்தில் அது போய்விட்டது என்று நினைத்திருந்தார்.

மூணு மணி.

போன் அதிர்ந்தது. பிடித்துவைத்த குருவி போல உள்ளங்கையில் துடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு தானாக நின்றது. திரை வெள்ளையாகவே இருந்தது. அறை நிசப்தமானது. அந்த நிசப்தத்துக்குள், எங்கோ வெகு தூரத்தில், மெல்லிசாக மணி போவது கேட்டது.

அவர் எதையும் அழுத்தவில்லை. அழுத்தவே இல்லை. காதில் வைத்தார்.

"அம்மா." மகன் குரல். அவசரமில்லாமல், தினமும் பேசி வழக்கப்பட்டவன் குரலில் வந்தது. "இன்னிக்கு ஒரு நிமிஷம் லேட். நானும் சாப்பிடாம போனையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன். கை வீக்கம் வத்திடுச்சும்மா. நேத்து சொன்னேன்ல. மெஷின்ல விட்ட கை... அப்பா எப்படி இருக்கார்? முட்டி வலி இருக்கா? பதில் சொல்ல மாட்டே, தெரியும். நான் பாட்டுக்குப் பேசறேன்."

லிஃப்டண்ணன் நாற்காலி நுனிக்கு வந்தார். இவன் கையில் அடிபட்டது தனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"டேய்" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

"நான்தான்டா. அப்பா."

"நீங்களா? இத்தனை நாளா நீங்கதானா?"

"இன்னிக்கு மட்டும்தான் நான். முந்தி எல்லாம்..." என்ன சொல்வது? "பைக்குள்ள சாவிக்கொத்தோட இருந்துச்சு. அலாரம் அடிச்சு, சாவி அழுத்தி, தானா வந்திருக்கு."

"ஆமாப்பா, சாவிச் சத்தம் கேட்டுச்சு" என்றான் மகன் மெதுவாக. "முதல்ல ஒரு வாரம் சாவிதான். கலகலன்னு. அம்மா இடுப்புல சொருகிட்டு நடப்பாளே, அது மாதிரி. அதனாலதான் நான் வைக்கலை. ஆனா அஞ்சாறு நாளா சாவி இல்லப்பா. சும்மா, யாரோ கேட்டுட்டு இருக்கற மாதிரி. நான் நிறுத்தினா, இன்னும் சொல்லுன்னு காத்துட்டு இருக்கற மாதிரி."

லிஃப்டண்ணன் ஆணியைப் பார்த்தார். சாவிக்கொத்து அசையாமல் தொங்கியது. முதுகில் வேர்வை ஓடியது. ஆனால் பயம் என்று அதைச் சொல்ல முடியாது.

"கை எந்தக் கைடா?"

"இடது கைப்பா."

"மருந்து போட்டியா? தனியாவா சமைக்கற?"

"மன்னிச்சிடுங்கப்பா. லீவுக்குக் கால்ல விழுந்து கேட்டேன். தரலை."

"நான் சொன்னதும் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தைதான்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இங்க பாரு. இந்தக் கால் நிமிஷக் கணக்கு. லிமிட் இருக்கு. நாளையிலேர்ந்து என் நம்பருக்கு நீ கூப்பிடு. வர்ற கால் எனக்குக் கணக்குல ஏறாது. உனக்கு அங்க எப்படி?"

"எனக்கு மாசத்துக்கு இவ்வளவு நிமிஷம்னு குடுத்திருக்காங்க. பேச ஆள் இல்லாம வீணாப் போகுது."

அன்று பதினோரு நிமிஷம் பேசினார்கள்.

மறுநாள் காலையில் மனைவியின் நம்பருக்கு வெளிநாட்டு அழைப்பை நிறுத்தச் சொன்னார். ஐந்தாம் தேதி கணக்கு முடிந்து பில் வந்தது. வாட்ச்மேன் உரக்கப் படித்தான். அரைகுறை மாத வாடகை, அடுத்த மாத வாடகை, இரண்டாவது நம்பரின் வெளிநாட்டுக் கால்கள், கட்டியதில் கழிவு. எல்லாம் ஏற்கெனவே தெரிந்த தொகைதான். மிச்சத்தை அன்றே கட்டினார். அடுத்த மாதம் எந்த மணியும் அடிக்கவில்லை. கூடுதல் நம்பருக்கு நேரே வெறும் சுழி. சிம்மை மட்டும் எடுத்துவிடவில்லை. விடுமுறை நாள் காலையில் சார்ஜ் போடுவதையும் விடவில்லை.

மூணு மணி ஆனால் இப்போது லிஃப்டைக் கீழே நிறுத்திவிட்டு வாட்ச்மேன் மேஜைக்கு வந்துவிடுவார். "வந்துட்டார் மாப்பிள்ளை" என்பான் அவன். போன் அடிக்கும். மகன் பேசுவான். சில நாள் நடுவில் அவன் நிறுத்தி, "அப்பா, யாராவது பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்பான். "வாட்ச்மேன் இருக்கான்டா" என்பார். அவன் மேலே எதுவும் கேட்கமாட்டான். அவரும் சொல்லமாட்டார்.

நாலாவது மாடி மணி இப்போதும் எப்போதாவது அடிக்கிறது. அவர் ஏறிப் போகிறார். தூசி, ஜன்னல் வெளிச்சம். முன்பு போலக் கதவைப் படாரென்று சாத்துவதில்லை. ஒருவர் நிதானமாக உள்ளே வந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கம்பிக் கதவைத் திறந்தே பிடித்திருக்கிறார். பிறகு மெதுவாக இழுத்துச் சாத்தி, கீழே இறங்குகிறார்.